ஏன் வந்தீர்கள் என்ற கேள்விக்கு

அன்புள்ள ஐயா,

வலி தணிப்புச் சிகிச்சை அளிக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர விண்ணப்பித்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அறிமுகக் கூட்டம். ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் தம்மைப் பற்றியும் ஏன் வந்தோம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டுமாம். என் அப்பா இத்தகைய ஓர் அமைப்பின் கவனிப்பில் இருந்து எட்டு மாதங்களுக்கு முன் காலமானார். அதைச் சொன்னால் அனுதாபம் தேடுவதாகத் தோன்றாதா? வேலையை விட்ட பிறகு பகலில் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. புண்ணுக்கு மருந்து கட்டுவதைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். பேச எழுந்தால் கை நடுங்கும். தொடக்கத்தில் சொல்ல நல்ல மேற்கோள் ஒன்று தர முடியுமா? நான் எழுதிய உரையை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இத்தகைய அறிமுகக் கூட்டங்களில் பழைய தன்னார்வலர் என்ற முறையில் ஓரமாக அமர்ந்திருப்பவன் நான். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இருந்து ஒவ்வொருவராக எழுந்து பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் எழும் வருத்தத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. மேற்கோள் தர மாட்டேன்; உங்களுக்கு அது வேண்டாம். கை நடுங்கினால் நடுங்கட்டும், தாளைப் பார்த்துப் படியுங்கள். அங்கே யாரும் பேச்சுப் போட்டிக்கு மதிப்பெண் போட வரவில்லை.

உங்கள் பேச்சை யார் கேட்கிறார் என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். அந்த வட்டத்தில் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் கையில் பெயர்ப்பட்டியலோடு அமர்ந்திருப்பார். நோயாளியின் வீட்டுக்குச் செவிலியரோடு செல்பவர் யார், உள்நோயாளிகளின் படுக்கையருகே அமரத்தக்கவர் யார், குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பவர் யார், சக்கர நாற்காலிகளையும் காற்று மெத்தைகளையும் கொடுத்து வாங்கும் கணக்கைப் பார்ப்பவர் யார் என்று அவர் பிரித்தாக வேண்டும். நீங்கள் வந்த காரணமும் வரக்கூடிய நேரமும் செய்ய இயலாத வேலையும் அந்தப் பிரிவினைக்கு வேண்டிய செய்திகள். 'மக்களுக்கு உதவ விரும்புகிறேன்' என்பது செய்தியே அல்ல, ஏனெனில் அதை விரும்பாத ஒருவர் அந்த அறைக்குள் வந்திருக்கவே மாட்டார். பதினைந்து பேர் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி அமர்ந்த பிறகு அவருடைய தாளில் பதினைந்து பெயர்கள் மட்டுமே இருக்கும்.

அடுத்து, உங்கள் வெட்கம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது, அது உங்கள் மேல் அல்ல. தன்னுடைய தேவை சிறிதும் கலக்காத காரணமே தொண்டுக்கு உகந்தது என்ற எண்ணத்தை எவரோ நம் எல்லோர் தலையிலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதனால் மனிதர்கள் உண்மையான காரணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, கடன் வாங்கிய காரணத்தோடு கூட்டத்துக்கு வருகிறார்கள். கிளேரி, ஸ்னைடர் முதலிய உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் தொண்டுக்கு வரும் காரணங்களை ஆறாகப் பிரித்தது. பிறர் மேல் உள்ள அக்கறை அவற்றில் ஒன்று மட்டுமே. ஒன்றைக் கற்றுக்கொள்வது, தமக்கு வேண்டியவர்கள் மதிக்கும் ஒன்றைச் செய்வது, தொழிலுக்குப் பயன் பெறுவது, தனிமை போன்ற மனச்சுமையிலிருந்து விடுபடுவது, தன்னைப் பற்றித் தானே நல்லவிதமாக உணர்வது ஆகியவை மற்ற ஐந்து. எந்தக் காரணத்துக்காக வந்தாரோ அதற்கு இடம் தரும் வேலை கிடைத்தவர்கள் கூடுதல் மனநிறைவு அடைந்தார்கள் என்றும் அந்த ஆய்வு கண்டது. அதற்கு முன்பு, 1995இல், ஓமோட்டோவும் ஸ்னைடரும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய 116 தன்னார்வலர்களை இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வில், தமக்கென்று ஏதோ ஒன்றை நாடி வந்தவர்களே நீண்டகாலம் நிலைத்ததாகத் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அனைத்தும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, தன்னலக்காரரே நிலைப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் தனிமை தாங்கவில்லை என்பது மறைக்க வேண்டிய குற்றம் அல்ல என்றுதான் சொல்கிறேன்.

ஒரு கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் முறை வந்ததும் எழுந்து, 'எனக்கு வீட்டில் பேச ஆள் இல்லை; யாருடனாவது பேசும் வேலை இருந்தால் கொடுங்கள், தினமும் மாலையில் வர முடியும்' என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். அவருக்கு முன்னே பேசியவர்கள் மானுடத்தைப் பற்றிப் பேசியிருந்ததால் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவரை பெயர்களுக்கு நேரே சரிக்குறி மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஒருங்கிணைப்பாளர் முதன்முறையாகப் பேனாவை ஊன்றி ஒரு முழு வரி எழுதினார். நோயாளிகளின் குடும்பத்தாரை மாலையில் தொலைபேசியில் விசாரிக்கும் பணி அந்தப் பெரியவருக்குக் கிடைத்தது. பேச ஆள் தேடி வந்தவர் என்பதால், அவர் பேசுவதைவிடக் கேட்பது மிகுதியாக இருக்க வேண்டும் என்று முதல் சில வாரங்கள் ஒருவர் அருகிலிருந்து பழக்கினார். அந்தப் பயிற்சி தேவை என்பதும் அவர் சொன்ன உண்மையிலிருந்து தெரிந்ததுதான்.

அப்பாவின் மறைவைக் கட்டாயம் சொல்லுங்கள், காலத்தோடு சொல்லுங்கள். வலி தணிப்பு அமைப்புகள் பலவற்றில், நெருங்கியவரை அண்மையில் இழந்தவர்களை ஏறத்தாழ ஓராண்டு செல்லும்வரை நோயாளிகளின் அருகே அமர்த்துவதில்லை. துயரத்தில் இருப்பவர் தகுதியற்றவர் என்பதால் அல்ல. அதே மருந்து வாசனையும் அதே படுக்கையும் உள்ள அறையில் அமர்ந்திருக்கும்போது, எதிரே கிடப்பவர் மறைந்து அப்பாவே கிடப்பதாகத் தோன்றிவிடும். அவர் தண்ணீர் கேட்டால், அப்பா எப்படிக் கேட்டார் என்று சொல்லத் தொடங்கிவிடுவோம்; அவருடைய மகள் அழுதால் அவளுக்கு முன்னே நாம் அழுவோம். அவர்களுடைய நேரத்தை நம் துயரம் எடுத்துக்கொள்ளும். எட்டு மாதங்கள் என்பதை நீங்கள் மறைத்தால், இதையெல்லாம் கணித்து உங்களையும் நோயாளியையும் காக்க வேண்டியவருடைய கண்ணைக் கட்டிவிடுகிறீர்கள்.

ஆனால் சொல்லும் முறை வேறு. உங்கள் உரையில் அப்பாவின் கடைசி இரவை ஒன்பது வாக்கியங்களில் எழுதியிருக்கிறீர்கள். படித்துக் கலங்கினேன். ஆயினும் அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட அங்கே சொல்லாதீர்கள். அந்த வட்டத்தில் உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, இரண்டு மாதங்களுக்கு முன் மனைவியை இழந்த ஒருவர் அமர்ந்திருக்கலாம். நீங்கள் விவரிக்கும் மூச்சிரைப்பை அவர் தம் காதால் கேட்டிருக்கலாம். உங்களுக்குப் பிறகு பேச வேண்டியவர்களும், அதற்கு இணையாக ஒரு துயரத்தைத் தாமும் சொல்லியாக வேண்டுமோ என்று தடுமாறுவார்கள். அனுதாபம் தேடுவதாகுமா என்று அஞ்சுகிறீர்களே, அதற்கு ஓர் அளவுகோல் தருகிறேன். அப்பாவுக்கு என்ன நேர்ந்தது என்று விவரிக்கும் வாக்கியம் கேட்பவரின் கண்ணீரைக் கேட்கிறது. அதனால் நீங்கள் இங்கே என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று சொல்லும் வாக்கியம் எதையும் கேட்பதில்லை.

இனி உங்கள் உரை. 'சிறுவயது முதலே பிறருக்கு உதவும் எண்ணம் என் இரத்தத்தில் ஊறியது' என்று தொடங்குகிறீர்கள். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் ஏன் வரவில்லை என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் நினைப்பார்கள். அடித்துவிடுங்கள். 'எந்த வேலையையும் செய்யத் தயார்' என்று முடிக்கிறீர்கள். புண்ணைக் கண்டால் மயங்குவேன் என்று எனக்கு எழுதிவிட்டு அவர்களிடம் இப்படிச் சொல்வது எந்த வகை நேர்மை? அதை நம்பி மருந்து கட்டச் செல்லும் செவிலியரோடு உங்களை அனுப்பினால், அந்த வீட்டில் அவர் இரண்டு பேரைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

இவற்றுக்கு நடுவே, மூன்றாம் பத்தியில், நீங்களே கவனிக்காமல் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அமைப்பிலிருந்து வந்த ஒரு பெண்மணி அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்களால் சிறிது கண்ணயர முடிந்தது என்கிறீர்கள். உங்கள் காரணம் அதுதான். நீங்கள் எழுதிய மற்ற அனைத்தையும் வேறு யாரும் எழுதியிருக்கலாம். இதை நீங்கள் மட்டுமே எழுத முடியும். நோயாளியைவிட அவரைப் பார்த்துக்கொள்பவரின் களைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதை அந்த ஒரு வரி ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லிவிடுகிறது. எனவே உரையை இப்படிச் சுருக்கியிருக்கிறேன்:

'என் பெயர் இன்னது. அண்மையில் வேலையிலிருந்து விலகினேன். என் அப்பா எட்டு மாதங்களுக்கு முன் காலமானார். அப்போது இதுபோன்ற ஓர் அமைப்புதான் அவரைக் கவனித்துக்கொண்டது. அங்கிருந்து வந்த தன்னார்வலர் ஒருவர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என்னால் தூங்க முடிந்தது. அப்படி வீட்டில் இருப்பவர்களுக்குச் சற்று ஓய்வு தரும் வேலையைச் செய்ய விரும்புகிறேன். பகலில் வீட்டில் தனியாக இருப்பது கடினமாக இருப்பதும் நான் வர ஒரு காரணம். வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகள் வர முடியும். புண்ணுக்கு மருந்து கட்டும் இடத்தில் இப்போதைக்கு என்னால் இருக்க இயலாது.'

நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். உங்களால் வர முடிந்த பொழுதுகளை நீங்களே சரியாக நிரப்புங்கள். உற்சாகத்தில் கூட்டிச் சொல்லாதீர்கள். உங்களை எதிர்பார்த்து ஒரு வீட்டில் ஒருவர் கடைக்குப் போகாமல் காத்திருப்பார்.

இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு நடுக்கம் மட்டும் காரணம் அல்ல. பிரென்னர் என்ற உளவியலாளர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முறை வைத்து ஒவ்வொருவராகச் சொற்களை உரக்கப் படிக்கச் செய்து, பிறகு நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, தம் முறைக்குச் சற்று முன்பு படிக்கப்பட்டவை அவர்கள் நினைவில் மிகக் குறைவாகவே தங்கியிருந்தன. நாம் பேசப் போவதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி இருந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. அவர் நாளை உங்களோடு ஒரே வீட்டுக்கு வரப் போகிறவராக இருக்கலாம். தாள் கையில் இருந்தால் அவரைக் கேட்க முடியும்.

கூட்டம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் உங்களைத் தனியே அழைத்துச் சில கேள்விகள் கேட்கக்கூடும்: அப்பாவின் நினைவு வரும்போது யாரோடு பேசுகிறீர்கள், இரவில் தூங்குகிறீர்களா, அம்மா எப்படி இருக்கிறார். இதைத் தேர்வாக எண்ணித் தைரியசாலியாக நடிக்காதீர்கள். யாரோடும் பேசுவதில்லை என்றால் அதையே சொல்லுங்கள். இன்னும் சில மாதங்கள் தொலைபேசிப் பணியிலோ கருவிகள் கணக்கிலோ இருங்கள், பிறகு வீடுகளுக்குச் செல்லலாம் என்று அவர் சொன்னால், எப்போது மீண்டும் பேசலாம் என்று நாள் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்.