கர்ப்பகால சுகர், இனிமே எவ்வளவு வெயிட் ஏறலாம்?

"28 வாரம், சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. உயரம் 160 செ.மீ, கர்ப்பத்துக்கு முன்னாடி 80 கிலோ, இப்ப 86. இனிமே வெயிட்டே ஏறக்கூடாதா?"

ஏறலாம்மா, மெதுவா ஏறணும், அவ்வளவுதான். சுகர் வந்ததால தனிக்கணக்கு எதுவும் கிடையாது, கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்த பிஎம்ஐயைத்தான், அதாவது உயரத்துக்கு வெயிட் எவ்வளவுங்கிற கணக்கைத்தான் பாக்கணும். உங்களுக்கு 80 கிலோவை உயரம் 1.6 மீட்டரால ரெண்டு தடவை வகுத்தா 31 வருது, 30க்கு மேலன்னா மொத்தமா 5லருந்து 9 கிலோ வரைக்கும் ஏறலாம்னு 2009 அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லுது. இதே 25லருந்து 30க்குள்ள இருந்தா 7 - 11.5, நார்மல்னா 11.5 - 16, ரொம்ப ஒல்லின்னா 12.5 - 18 கிலோ. சில நாட்டுல வெயிட் அதிகம்னு சொல்ற பிஎம்ஐ அளவே கொஞ்சம் கீழ இருக்கும், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

நீங்க 6 ஏறியாச்சு, மிச்சம் 3 கிலோ, 12 வாரம் இருக்கு, அப்போ வாரம் கால் கிலோ. பயந்துபோய் சாப்பாட்டை மட்டும் நிறுத்திடாதீங்க ப்ளீஸ், பட்டினி கிடந்தா கொழுப்பு கரையுறப்ப வர்ற கீட்டோன் உடம்புல ஏறும், அது குழந்தைக்கு நல்லதில்ல. டயட் மாத்தின புதுசுல வெயிட் கொஞ்சம் அப்படியே நிக்கலாம், ஆனா தொடர்ந்து இறங்குனா உடனே சொல்லுங்க. அதே மாதிரி திடீர்னு ஒரே வாரத்துல ஒரு கிலோவுக்கு மேல ஏறி, முகம் வீங்கி தலைவலியும் இருந்தா அது சாப்பாட்டு வெயிட் இல்ல, அன்னைக்கே போய் பிபி பாருங்க.