போர்வை கட்டியும் எதிரொலி போகவில்லையா?

"போனில் கதை வாசித்துப் பதிவு செய்கிறேன். எதிர்ச் சுவரில் போர்வை கட்டியும் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கிறது."

போன் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சுவரிலிருந்தும் ஒலி திரும்பி வருகிறது. அங்கேயும் கனமான கம்பளியை இரண்டாக மடித்து, சுவரை ஒட்டாமல் கொடியில் தொங்கவிடுங்கள். மெல்லிய பெட்ஷீட் போதாது. கை தட்டிப் பாருங்கள்; தட்டிய பிறகு 'டங்' என்று நீளும் ஒலி மறைந்திருக்க வேண்டும்.

அப்புறம் தூரம். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். தள்ளிப் போகப் போக அறைதான் அதிகம் கேட்கும்.

வாக்கியக் கடைசியில் குரல் தேய்ந்தால், மூச்சு விடும் இடங்களைத் தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு வாசியுங்கள். வேகமும் ஒரே சீராக நிற்கும்.