விற்காத புத்தகத்தைத் திருப்பிக் கிரெடிட் நோட் வாங்குவது: கேள்வி பதில்

வவுனியாவில் ஒரு புத்தக மொத்த விற்பனை நிலையத்தில் 17 வருடம் கணக்கு எழுதினேன். இப்போது கிளிநொச்சியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். திருப்பி வாங்கும் பக்கத்திலும் திருப்பி அனுப்பும் பக்கத்திலும் இருந்திருப்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

மல்லாவி: அக்கா, விற்காவிட்டால் திருப்பலாம் என்று சொல்லிப் புலமைப்பரிசில் வழிகாட்டி 120 தந்தார்கள். 46 மிச்சம். எப்படித் திருப்புவது, எவ்வளவு கழிப்பார்கள்?

முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள் தம்பி. அதில் தவணை எத்தனை நாள், எந்தத் திகதியிலிருந்து என்று இருக்கும். பில்லில் இல்லையென்றால், ஓர்டர் கொடுத்தபோது வந்த கடிதத்தையோ வாட்ஸ்அப் செய்தியையோ தேடி எடுங்கள்.

தவணைக்குள் இருந்தால், புத்தகத்தைக் கட்டுவதற்கு முன் அதைத் தந்த நிலையத்தின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். "இந்த இலக்க பில்லில் விற்காவிட்டால் திருப்பும் ஏற்பாட்டில் பெற்ற 120 பிரதிகளில் 46ஐத் திருப்புகிறோம். பேசியபடி பில் விலையில் கிரெடிட் நோட் தாருங்கள்." இவ்வளவும் போதும். பிறகு 46ஐயும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். விலை ஸ்டிக்கரைப் பிடுங்கும்போது அட்டை உரிந்தது, மழையில் ஓரம் ஊறியது, பிள்ளையின் பெயர் எழுதியது எல்லாம் தனியாகப் போகட்டும். அவற்றை நல்லவற்றோடு கலந்து அனுப்பினால், அங்கே எண்ணுபவர் முழுப் பெட்டியையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

பட்டியல் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று பெட்டிக்குள், மற்றது உங்கள் கையில். களஞ்சியத்தில் எண்ணி எடுத்தவர் உங்கள் பிரதியில் கையெழுத்தும் திகதியும் போட வேண்டும். திகதி இல்லாத கையெழுத்தை வாங்கி வராதீர்கள். பஸ்ஸில் பார்சலாக அனுப்பினால் நடத்துநர் தரும் துண்டை வைத்துக்கொண்டு, அன்றே அலுவலகத்திடம் எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள்.

இனித் தொகை. அட்டை விலை 450 ரூபாய், உங்களுக்கு 25 வீதக் கழிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதி 337 ரூபாய் 50 சதம். 120க்கும் பில் 40,500. விற்ற 74க்கு நீங்கள் கட்டுவது 24,975. மிச்சம் நிற்பது 15,525. 46இல் 3 ஊறியது என்றால், 43க்கு 14,512 ரூபாய் 50 சதத்துக்குக் கிரெடிட் நோட் வரும். அந்த மூன்றின் 1,012 ரூபாய் 50 சதம் உங்கள் தலையில்தான் விழும். அட்டை விலையில் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அதே மாதிரி அவர்கள் இடையில் விலையைக் குறைத்திருந்தால் புது விலையில் எழுத விடாதீர்கள். எந்த பில்லோ அந்த பில்லின் விலை.

மாங்குளம்: பள்ளியில் கிரெடிட் நோட்டைச் செலவுத் தாள் என்று படித்தேன். செலவு என்றால் நாங்கள் காசு கட்ட வேண்டுமா?

இல்லை. அவர்களுடைய புத்தகத்தில் உங்கள் கணக்கின் செலவுப் பக்கத்தில் விழுவதால் அந்தப் பெயர். உங்கள் கடன் அவ்வளவால் குறையும்.

பரந்தன்: பரீட்சை பிந்திப் போனது. அதோடு திருப்பும் தவணையும் பிந்தும்தானே?

பிந்தாது. இந்த இடத்தில்தான் எங்கள் பக்கக் கடைகள் அதிகம் விழுகின்றன. "பரீட்சை முடிய எடுப்பார்கள்" என்று மனதில் வைத்திருப்போம், பில்லில் 90 நாள் என்று இருக்கும். பரீட்சை தள்ளிப்போனாலும் 90 நாள் 90 நாள்தான்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. திருப்பலாம் என்ற ஏற்பாட்டில் வந்த பொருளை, வேண்டாம் என்று அறிவிக்காமல் குறித்த காலம் தாண்டி வைத்திருந்தால் அது உங்கள் பொருளாகிவிடும். காலமே குறிக்கவில்லை என்றால் நியாயமான காலம். சட்டத்துக்கு அந்த அறிவிப்பு நேரத்துக்குப் போவதுதான் முக்கியம். ஆனால் பல நிலையங்கள் "பொருள் எங்கள் களஞ்சியத்துக்கு வந்து சேர வேண்டும்" என்று நிபந்தனை போடுவார்கள். அப்படி இருந்தால் பஸ் ஏற்றிய நாள் கணக்கில் வராது. பரீட்சை தள்ளிப்போகும் அறிவித்தல் வந்த அன்றே தவணை நீடிப்பு கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வவுனியா, விற்பனைப் பிரதிநிதி: இவ்வளவு கடிதம் எதற்கு அக்கா? எங்களிடம் தந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். பேச்சும் ஒப்பந்தம்தான்.

பேச்சும் ஒப்பந்தம்தான், அதில் உங்களோடு நிற்கிறேன். நிரூபிக்கும்போதுதான் சிக்கல். கடை தொடங்கிய புதிதில் ஒரு பெட்டியை ஒரு பிரதிநிதியின் வானில் ஏற்றிவிட்டேன். அவர் அடுத்த மாதம் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அலுவலகம் பொருளே வரவில்லை என்றது. 11 மாதம் அலைந்து பாதித் தொகைக்குத்தான் கிரெடிட் நோட் கிடைத்தது. அவர் கெட்டவர் இல்லை. பெட்டி களஞ்சியத்தில் வேறு கடையின் பெயரில் பதிவாகியிருந்தது.

அதே பிரதிநிதி: வானில் ஏற்றும்போதே தாள் நீட்டினால், எங்களை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

புதுக்குடியிருப்பு: நீங்கள் காசு வாங்கும்போது எங்களுக்கு ரசீது தருகிறீர்கள்தானே? பெட்டி வாங்கும்போதும் தாருங்கள்.

புதுக்குடியிருப்பு சொல்வது சரி. தம்பி, உங்களிடம் திருப்பல் ரசீதுப் புத்தகம் இருந்தால் அதில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்கமாட்டோம். இதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கும் முடிவாகவில்லை. பிரதிநிதியின் கையெழுத்து நிறுவனத்தைக் கட்டுமா என்பது, திருப்பல் எடுக்க அவருக்கு நிறுவனம் இடம் கொடுத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பல மாதமாக அவர் எடுத்து, அலுவலகமும் கிரெடிட் நோட் தந்திருந்தால் கடைக்காரர் பக்கம் பலம் இருக்கும். முதல் தடவை என்றால் அலுவலகத்துக்கும் ஒரு செய்தி போடுங்கள்.

அதே பிரதிநிதி: எங்களிடம் திருப்பல் புத்தகம் இல்லை அக்கா. கேட்டுப் பார்க்கிறேன்.

கேளுங்கள். உங்களுக்கும் அது பாதுகாப்பு.

முழங்காவில்: தவணை முடிந்து இரண்டு கிழமை. இனித் திருப்பலாமா?

பரந்தனுக்குச் சொன்னதைப் பாருங்கள். உரிமையாகக் கேட்க முடியாது. வேண்டுகோளாகக் கேட்கலாம்.

ஒட்டுசுட்டான்: பால்மா, பிஸ்கட் திகதி முடிந்தது கிடக்கிறது. இதே முறையா?

அது காலாவதிப் பொருள், ஏற்பாடும் வேறு. உங்கள் விநியோகஸ்தரிடம் கேளுங்கள்.

நெடுங்கேணி: தவணை 5 நாளால் தாண்டிவிட்டது. ஏதாவது வழி?

மூன்றாவது தடவையாகத் தவணைக் கேள்வி வருகிறது. பில் வந்த அன்றே கடைசி நாளைக் கலண்டரில் வட்டமிடுங்கள், அதற்குப் பத்து நாள் முன்னும் ஒரு வட்டம். உங்கள் விஷயத்தில், இன்றே பேசுங்கள். வேறு புத்தகமாக மாற்றித் தரச் சிலர் சம்மதிப்பார்கள். அந்தப் புத்தகம் உங்களிடம் விற்குமா என்று பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மிச்சத்துக்குப் பதில் இன்னொரு மிச்சம்.

பூநகரி: கிரெடிட் நோட் வர முன் நானே கழித்துக்கொண்டு மிச்சக் காசைக் கட்டலாமா?

வேண்டாம். அவர்கள் கணக்கில் அது நிலுவையாக நிற்கும், அடுத்த சரக்கை நிறுத்துவார்கள். திருப்பிய பட்டியலைக் காட்டி, அந்தத் தொகையை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லி முன்கூட்டி எழுதுங்கள்.

மல்லாவி: நான் 40,500ஐயும் முன்பே கட்டிவிட்டேன் அக்கா. இனி அவர்களோடு வியாபாரமும் இல்லை. கிரெடிட் நோட்டை வைத்து என்ன செய்வது?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. கிரெடிட் நோட் அடுத்த பில்லில்தான் கழியும். அடுத்த பில் இல்லையென்றால் அந்த 14,512 ரூபாய் 50 சதத்தைக் காசாகக் கேளுங்கள். ஆனால் "திருப்பினால் கிரெடிட் நோட் மட்டும்" என்று பேசியிருந்தால் அவர்கள் மறுக்கலாம். அப்போது பள்ளிக் கொப்பி மாதிரி எப்படியும் ஓடும் பொருளை அந்தத் தொகைக்கு எடுங்கள். கிரெடிட் நோட்டில் காலாவதித் திகதி அடித்திருக்கிறதா என்று பார்த்து, அதற்குள் எடுத்துவிடுங்கள்.