லிட்ரோ ரெகுலேட்டருக்குப் பொருந்துமா?

கேள்வி: என் தம்பி கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்த மூன்று பர்னர் கண்ணாடி கேஸ் குக்கர் ஒன்றை விற்க இருக்கிறோம். "3 பர்னர், கிளாஸ் டொப், ஓட்டோ, நல்ல கண்டிஷன்" என்று விளம்பரம் போட்டேன். அழைப்பவர்கள் எல்லோரும் "லிட்ரோ ரெகுலேட்டருக்குப் பொருந்துமா?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது லாஃப்ஸ் சிலிண்டர். குக்கரின் அடியில் உள்ள தகட்டில் ஜி30, 28–30 மில்லிபார் என்று எழுதியிருக்கிறது. பற்றவைப்பதற்கு ஒரு பற்றரி போட வேண்டும். என்ன எழுதினால் வாங்குபவருக்குச் சரியான விபரம் போய்ச் சேரும்?
– வாசகி, கல்முனை

பதில்: அழைப்பவர்கள் கேட்பதிலிருந்தே தொடங்குவோம். ரெகுலேட்டர் சிலிண்டரின் வால்வோடு பொருந்துவது ஒரு விடயம். அதிலிருந்து வெளிவரும் வாயு குக்கருக்கு ஏற்றதாக இருப்பது வேறொரு விடயம். லிட்ரோ சிலிண்டரின் வால்வும் லாஃப்ஸ் சிலிண்டரின் வால்வும் ஒரே அமைப்பு அல்ல. எனவே ஒன்றுக்கு உரிய ரெகுலேட்டரை மற்றதில் பூட்ட முடியாது. ஆனால் அந்த வேறுபாடு சிலிண்டரோடு முடிந்துவிடுகிறது. வாங்குபவர் தம் வீட்டுச் சிலிண்டருக்கு உரிய ரெகுலேட்டரை வைத்துக்கொண்டால் போதும். குக்கரைப் பொறுத்தவரை அது எந்த நிறுவனத்தின் ரெகுலேட்டர் என்பது பொருட்டல்ல. குக்கருக்கு வேண்டியவை இரண்டு: வாயு வரும் அழுத்தம், ஹோஸ் பொருத்தும் முனை.

தகட்டில் உள்ள ஜி30 என்பது பியூட்டேனைக் குறிக்கும் குறியீடு. சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயுவின் வகையைச் சேர்ந்தது அது. 28–30 மில்லிபார் என்பது அந்த வாயு எந்த அழுத்தத்தில் வர வேண்டும் என்பதைச் சொல்கிறது. இங்கு வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் ரெகுலேட்டர்களும் பொதுவாக 30 மில்லிபாரை அண்டியே வாயுவை விடுகின்றன. ரெகுலேட்டரின் மேற்பகுதியில் அந்த அளவு பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும், ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே உங்கள் குக்கர் இங்கு பாவிக்கத்தக்கது என்று நம்பிச் சொல்வதற்கு அந்தத் தகடே முதல் ஆதாரம். விளம்பரத்தில் குக்கரின் முன்பக்கத்தைப் படமாகப் போடுவதைவிடத் தகட்டைப் படமாகப் போடுவது பயனுள்ளது என்பது என் கருத்து.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளைகுடா நாடுகளிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் நம் பகுதிக்கு வரும் குக்கர்களில் சில, குழாய் வழியாக வரும் இயற்கை வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. அப்படியானவற்றின் தகட்டில் ஜி20, 20 மில்லிபார் என்றோ, ஜப்பானிய எழுத்தில் நகர வாயு என்றோ இருக்கும். இயற்கை வாயுவில் அதே கன அளவில் உள்ள வெப்பம் குறைவு என்பதால், பர்னருக்குள் வாயுவை விடும் ஜெட்டின் துவாரம் அதற்குரிய குக்கரில் பெரிதாக இருக்கும். அந்தக் குக்கரை நம் சிலிண்டரோடு இணைத்தால் தேவைக்கு மிஞ்சிய வாயு வெளிவந்து, காற்றோடு சரியாகக் கலக்காமல், நீண்டு ஆடும் மஞ்சள் சுவாலையாக எரியும். பானையின் அடி கரிபிடிக்கும். அதைவிட மோசமாக, அடைத்த குசினியில் காபன் மொனொக்சைட்டும் சேரும். ரெகுலேட்டர் சிலிண்டரில் மிகச் சரியாகப் பூட்டியிருந்தாலும் இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள். அழைப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு "ஆம், பொருந்தும்" என்று மட்டும் சொல்லிவிட்டால் இந்த ஆபத்து மறைந்தே போகும்.

தகட்டைப் பார்த்த பிறகு ஜெட்டையும் பார்ப்பது நல்லது; ஏனெனில் இரு வகை ஜெட்டுகளும் கிடைக்கும் குக்கர்களில் முன்பு யாராவது மாற்றியிருக்கலாம். பர்னரின் தலையைக் கழற்றினாலோ, மேசைக் குக்கரென்றால் அடியில் வாயுவும் காற்றும் கலக்கும் கலவைக் குழாயின் வாயிலோ ஒரு சிறிய பித்தளைத் திருகாணி தெரியும், அதுதான் ஜெட். அதில் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் துவாரத்தின் விட்டம், மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில். ஐரோப்பிய முறையில் செய்யப்பட்ட பர்னர்களில் நடுத்தர பர்னருக்குச் சிலிண்டர் வாயு ஜெட் 65 அளவிலும் பெரிய பர்னருக்கு 85 அளவிலும் இருப்பது வழக்கம். அதே இடத்தில் 97, 115 போன்ற எண்கள் இருந்தால் அவை இயற்கை வாயுவுக்கு உரியவையாக இருக்க அதிக வாய்ப்புண்டு. அப்போது "ஜெட் மாற்ற வேண்டும்" என்று விளம்பரத்தில் எழுதிவிடுங்கள். துவாரத்தை ஈயம் வைத்துச் சுருக்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

பின்பு எரித்துப் பாருங்கள். சரியான சுவாலை நீலமாக, பர்னரோடு ஒட்டி, சத்தமின்றி நிற்கும். மஞ்சள் நிறம் கண்டவுடன் ஜெட்தான் பிழை என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. பர்னரின் துளைகளில் சோற்றுக் கஞ்சி வடிந்து காய்ந்திருந்தாலும், கலவைக் குழாயில் சிலந்தி வலை கட்டியிருந்தாலும் அதே நிறம் வரும். துப்புரவு செய்து மறுபடி எரித்த பின்னும் மாறாவிட்டால்தான் ஜெட்டைச் சந்தேகிக்க வேண்டும். சுவாலை பர்னரை விட்டு எழும்பி இரைந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது. ஹோட்டல் அடுப்புகளுக்குப் பாவிக்கும், கைப்பிடி திருகிக் கூட்டிக் குறைக்கும் உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டுக் குக்கரில் மாட்டினால் அதுதான் நடக்கும். "உயர் அழுத்த ரெகுலேட்டர் பாவிக்கக் கூடாது" என்ற ஒரு வரியைச் சேர்ப்பது தவறாகாது. சிறு சாப்பாட்டுக் கடை நடத்துபவர் ஒருவரும் உங்களிடம் வாங்கக்கூடும்.

அடுத்தது ஹோஸ் பொருத்தும் முனை. இங்குள்ள குக்கர்களில் பெரும்பாலும் வரிவரியாக உள்ள முனையில் ஹோஸைத் தள்ளிச் செருகிக் கிளிப் போட்டு இறுக்குவோம். வெளிநாட்டிலிருந்து வருபவற்றில் சிலவற்றில் அந்த வரி முனை இராது. அரை அங்குலப் புரி வெட்டிய குழாய் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கென வரி முனை கொண்ட ஓர் இணைப்பை வாங்கிப் பூட்ட வேண்டும். நீங்கள் உங்கள் லாஃப்ஸ் சிலிண்டரில் இணைத்துப் பாவித்திருந்தால் அந்த இணைப்பு ஏற்கெனவே இருக்கும். அது குக்கரோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறதா என்பதை எழுதுங்கள்.

"ஓட்டோ" என்ற சொல்தான் உங்கள் விளம்பரத்தில் அதிகம் குழப்பக்கூடியது. தீப்பெட்டி இல்லாமல் பற்றும் என்பதை மட்டுமே அது குறிக்கிறது. ஆனால் சுவாலை அணைந்தால் வாயுவும் தானாக நிற்கும் என்று எண்ணி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பற்றரி போடும் வகையில் கைப்பிடியை அழுத்தியபடி இருக்கும்வரை தொடர்ந்து பொறி விழும். பற்றரி இல்லாத பீசோ வகையில் ஒரு திருகலுக்கு ஒரே ஒரு பொறி. உங்களுடையது முதல் வகை. கடற்காற்றடிக்கும் ஊரில் பற்றரிப் பெட்டியின் தகடுகள் பச்சை பிடிப்பது சாதாரணம். படம் எடுக்குமுன் அந்த மூடியைத் திறந்து பாருங்கள்.

அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாதுகாப்பு உண்டா என்பதை அறிய ஒவ்வொரு பர்னரின் அருகிலும் எத்தனை முனைகள் நிற்கின்றன என்று பாருங்கள். வெள்ளைப் பீங்கான் உறையோடு இருப்பது பொறி விடும் முனை. அதற்குத் துணையாக உலோகத்தாலான மெல்லிய இரண்டாவது முனை ஒன்று சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அது வெப்பத்தை உணரும் முனை. அப்படியானவற்றில் பற்றிய பிறகும் சில விநாடிகள் கைப்பிடியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க, பர்னர் சிறிது நேரம் எரிந்த பிறகு ரெகுலேட்டரை மூடுங்கள். சுவாலை அணைந்ததும் கைப்பிடியைத் தொடாமல் காத்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் "டக்" என்று உள்ளே வால்வு விழும் சத்தம் கேட்க வேண்டும். மறக்காமல் கைப்பிடியை மூடிய பின்பே ரெகுலேட்டரை மறுபடி திறவுங்கள்.

குக்கரின் உடலைப் பொறுத்தவரை, "கிளாஸ் டொப்" என்பது மேற்பரப்பை மட்டுமே சொல்கிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள பெட்டி வர்ணம் பூசிய இரும்புத் தகடா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதைத் தனியாக எழுத வேண்டும்; கல்முனை, காத்தான்குடி போன்ற கரையோர ஊர்களில் துருவேறுவது அங்கேதான், அதுவும் திருகாணித் துளைகளிலும் தகட்டின் வெட்டு விளிம்பிலும் முதலில். காந்தம் ஒட்டவில்லையென்றால்தான் ஸ்டீல் என்ற பேச்சை முழுதாக நம்ப வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும் வகை உண்டு. கண்ணாடியின் நான்கு விளிம்புகளையும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் பதப்படுத்திய கண்ணாடி பின்பு ஒருநாள் சூட்டில் முழுவதுமாக நொறுங்கலாம். அதை மறைத்து விற்பது நியாயமல்ல.

மூன்று பர்னர் என்பதில் எண்ணிக்கையைவிட இடைவெளி முக்கியம். பெரிய இரு பர்னர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து போடுங்கள். ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் தாச்சியும் வைத்தால் நடுவிலுள்ள சிறு பர்னர் வீணாகிவிடும் குக்கர்கள் ஏராளம்.

இவற்றைப் பார்த்து முடித்தபின் விளம்பரம் ஏறத்தாழ இப்படி அமையலாம். கோடிட்ட இடங்களில் உங்கள் அளவுகளை இடுங்கள்:

"கட்டாரிலிருந்து கொண்டுவந்த, பாவித்த மேசைக் குக்கர். 3 பர்னர்: பெரியது 2, சிறியது 1, பெரிய பர்னர்களின் இடைத்தூரம் ___ சென்ரிமீற்றர். மேற்பரப்பு பதப்படுத்திய கண்ணாடி, விளிம்பில் உடைவு இல்லை; அடிப்பெட்டி ___, துரு ___. பற்றரியால் பற்றும், சுவாலை அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாதுகாப்பு ___. சிலிண்டர் வாயுவுக்கு உரியது, 28–30 மில்லிபார், தகட்டின் படம் இணைக்கப்பட்டுள்ளது. லிட்ரோ, லாஃப்ஸ் இரண்டிலும் அந்தந்தச் சிலிண்டருக்குரிய வீட்டுப் பாவனை ரெகுலேட்டரோடு பாவிக்கலாம். ஹோஸ் முனை: ___. ரெகுலேட்டரும் ஹோஸும் விலையில் அடங்காது. வீட்டுக்கு வந்து எரித்துப் பார்த்து வாங்கலாம்."

பழைய ஹோஸை இனாமாகச் சேர்த்துக் கொடுக்க மனம் வந்தாலும் கொடுக்காதீர்கள். வாங்குபவர் புதிய ஹோஸும் கிளிப்பும் போட்டு, இணைப்பு இரண்டிலும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பின்பே முதற்தடவை பற்றவைக்கட்டும்.