ட்ரோன் கணக்கில் 120 வாட், மீட்டரில் 115

“1.2 கிலோ ட்ரோன், பத்து இஞ்ச் ப்ரொப்பெல்லர் நாலு. இழப்பே இல்லாமல் ஒரே இடத்தில் மிதக்கத் தேவையான ஐடியல் பவர் 120 வாட் வருகிறது, வாட்மீட்டர் 115தான் காட்டுகிறது. எப்படி?”

மீட்டர் சரி, பரப்புதான் தப்பு. முழு எடையையும் ஒரே ப்ரொப்பெல்லரின் வட்டத்தில் ஏற்றியிருப்பீர்கள் போல. ஒரு வட்டம் 0.0507 ச.மீ., நாலும் சேர்ந்து 0.203, இதுதான் A.

```
P = T × √(T / (2ρA))
```

T தூக்குவிசை, மிதக்கும்போது எடைக்குச் சமம், 11.8 நியூட்டன். காரைக்குடி மே மாத வெயிலில் காற்றின் அடர்த்தி ρ 1.12 வைத்தால் போதும். வட்டப் பரப்பு தாங்கும் பாரம், அதாவது டிஸ்க் லோடிங், சதுர மீட்டருக்கு 58 நியூட்டன், காற்று கீழிறங்கும் வேகம் நொடிக்கு 5.1 மீட்டர், P 60 வாட். பரப்பு கால்வாசியானால் பவர் இரட்டிப்பாகும். உங்கள் 120 அப்படி வந்ததுதான். மீதி 55 வாட் ப்ளேடு இழுவையிலும் மோட்டார் சூட்டிலும் போகிறது. பாதிக்குப் பாதி என்பது இந்த அளவு ட்ரோனுக்கு வழக்கம்தான்.

சந்தேகமிருந்தால் 300 கிராம் கட்டிப் பறக்கவிடுங்கள். எடை 1.25 மடங்கு, பவர் அதன் 1.5 அடுக்கு, அதாவது 1.4 மடங்கு, மீட்டர் 160ஐ ஒட்டி வர வேண்டும்.

ஆனால் வீட்டு வளவுக்குள் அளக்காதீர்கள். தரையை ஒட்டிப் பறந்தால் பவர் குறையும், சுவரில் மோதித் திரும்பும் காற்றால் கூடும். காற்றில்லாத விடிகாலையில் வெட்டவெளியில், மூணு மீட்டர் உயரத்தில் அளங்கள்.