லேபிளில் பால் இல்லை என்றால் சாக்லேட்டில் பால் இல்லையா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குப் பால் அலர்ஜி. ஒரு டார்க் சாக்லேட் வாங்கினேன், பின்பக்க லேபிளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். பால் என்று எங்கும் இல்லை, ஆனால் கோகோ பட்டர் என்று இருக்கிறது. கொடுக்கலாமா? சேஃபா?

நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். அதற்குக் காரணம் கோகோ பட்டர் இல்லை. அது கோகோ விதையைப் பிழிந்து எடுக்கும் கொழுப்பு, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

முதலில் படத்தில் இருப்பதைப் பார்ப்போம். கோகோ மாஸ், சர்க்கரை, கோகோ பட்டர், சோயா லெசித்தின், வனிலா ஃப்ளேவர். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில்தான் எழுதப்படும், அதிகமாக இருப்பது முதலில் வரும். பால் பவுடர், வே பவுடர், கேசினேட், நெய்க் கொழுப்பு என்று பாலைக் குறிக்கும் எந்தப் பெயரும் உங்கள் படத்தில் தெரியவில்லை. ஆக, தயாரிப்பாளர் இந்தச் சாக்லேட்டில் பாலை வேண்டுமென்று சேர்க்கவில்லை என்கிறார். லேபிள் சொல்வது அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, கீழே உறையின் மடிப்பும் இருக்கிறது. 'பால் இருக்கக்கூடும்' என்ற வரி பெரும்பாலும் பட்டியலின் கடைசியிலோ மடிப்புக்குள்ளோதான் ஒளிந்திருக்கும். உறையைப் பிரித்துத் தட்டையாக வைத்து முழுதாகப் பாருங்கள். அந்த வரி இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

இல்லாவிட்டால்? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான நாடுகளில் அந்த எச்சரிக்கை வரியைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போடுவதும் விடுவதும் நிறுவனத்தின் விருப்பம். ஆகவே அது இல்லை என்பதைப் 'பால் கலக்கவில்லை' என்று படிக்கக் கூடாது.

சில வருடங்கள் ஒரு சாக்லேட் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். பல ஆலைகளில் மில்க் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் ஒரே லைனில் மாறி மாறி ஓடும். மற்ற உணவு ஆலைகளில் இடையில் தண்ணீர் விட்டுக் கழுவலாம். சாக்லேட்டில் அது வம்பு. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருகிய சாக்லேட் இறுகித் திரிதிரியாகிவிடும். அதனால் குழாயில் மிச்சமிருக்கும் மில்க் சாக்லேட்டை அடுத்து வரும் டார்க் சாக்லேட்டைக் கொண்டே தள்ளிவிடுவார்கள். எவ்வளவு தள்ளினாலும் வளைவுகளிலும் பம்புகளிலும் ஒட்டியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். மாற்றியவுடன் வரும் பார்களில் பால் அதிகமாகவும், சில மணி நேரம் கழித்து வரும் பார்களில் குறைவாகவும் இருக்கும். உறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

'போன மாதம் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை' என்பதும் இதனால்தான் எனக்குப் போதாது. அது அந்த ஒரு பாரைப் பற்றிய செய்தி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டார்க் சாக்லேட்களைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. சேர்மானத்தில் பால் என்று எழுதாதவற்றில் பாதிக்கும் மேலானவற்றில் பால் இருந்தது.

முன்பக்கத்தில் 'வீகன்' என்றோ 'லாக்டோஸ் இல்லை' என்றோ இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது. வீகன் என்பது செய்முறையில் விலங்குப் பொருள் சேர்க்கவில்லை என்கிறது, லைனைப் பற்றிப் பேசவில்லை. லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை. பால் அலர்ஜி வருவது கேசின் போன்ற புரதங்களால். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம்.

உங்கள் கையில் இருக்கும் பாரில் பால் புரதம் எவ்வளவு என்பதையும், உங்கள் மகனின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதையும் எந்தப் படத்தை வைத்தும் சொல்ல முடியாது. இரண்டாவதை அவனைப் பார்க்கும் அலர்ஜி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ள நீங்களே கொஞ்சம் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

முதலாவதுக்கு, உறையில் இருக்கும் பேட்ச் எண்ணைச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். 'இதில் பால் இருக்கிறதா' என்று கேட்டால் லேபிளையே திருப்பிப் படிப்பார்கள். அப்படிக் கேட்காமல், இதே லைனில் மில்க் சாக்லேட் ஓடுகிறதா, மாற்றும்போது எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், முடிந்த பாரைப் பால் புரதத்துக்குச் சோதிக்கிறீர்களா, எந்த அளவு வரை அந்தச் சோதனை கண்டுபிடிக்கும் என்று கேளுங்கள். பாலே நுழையாத தனி ஆலை என்று எழுத்தில் பதில் வந்தால் அதை மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யலாம். மழுப்பலாக வந்தால் அந்தப் பாரை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் மறக்காமல் கையைக் கழுவிவிட்டுப் பையனைத் தூக்குங்கள்.