ஊறுகாய்க் கழிவுநீரும் உப்புக் கணக்கும்: 520 சரியா, 240 சரியா?

கேள்வி: புளியங்குடி பக்கம் எலுமிச்சை ஊறுகாய் யூனிட் வைத்திருக்கிறேன். சுத்திகரித்த தண்ணீரை ஒரே நாளில் இரண்டு லேபுக்குக் கொடுத்தேன். ஒரு லேப் சி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள மாசைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 520 மில்லிகிராம் என்கிறது, இன்னொன்று 240 என்கிறது. இரண்டிலும் குளோரைடு 6000 என்றுதான் இருக்கிறது. ஒரு ஏஜென்ட் வந்து, சி.ஓ.டி.யைக் குறைக்க மருந்து இருக்கிறது, கேன் கணக்கில் போடுங்கள் என்கிறார். எதை நம்ப?

பதில்: முதலில் அந்த கேனை வாங்காதீர்கள். இந்த மருந்துகளில் பல ஹைட்ரஜன் பெராக்சைடுதான், பெயர் மட்டும் புதிது. தண்ணீரில் அது மிஞ்சி நின்றால் சி.ஓ.டி. சோதனையில் லேப் போடும் டைகுரோமேட்டோடு வினைபுரிந்து தானே சி.ஓ.டி.யாகக் கணக்கில் ஏறிவிடும், லிட்டருக்கு 100 மில்லிகிராம் மிஞ்சினால் ஏறக்குறைய 47 கூடும். காசு கொடுத்து எண்ணை ஏற்றிக்கொள்வதில் என்ன லாபம்?

லேபில் நடப்பது இதுதான். 20 மில்லி தண்ணீரைக் குடுவையில் எடுத்து, 10 மில்லி டைகுரோமேட்டும், சில்வர் சல்பேட் கலந்த 30 மில்லி கந்தக அமிலமும் சேர்த்து, மேலே குளிர்விப்பான் மாட்டி இரண்டு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். தண்ணீரில் உள்ள கரிமப்பொருள் டைகுரோமேட்டைத் தின்னும், மிச்சத்தை டைட்ரேஷனில் அளந்தால் எவ்வளவு தின்றது என்று தெரிந்துவிடும். ஆனால் உப்பில் உள்ள குளோரைடும் அதே டைகுரோமேட்டைத் தின்று குளோரினாகப் போகும். அது மாசு இல்லை, உங்கள் உப்புத்தான், ஆனாலும் ரிப்போர்ட்டில் மாசாக ஏறும். அதைத் தடுக்கத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் மெர்குரிக் சல்பேட் போட வேண்டும். பாதரசம் குளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பங்கு குளோரைடுக்குப் பத்துப் பங்கு மெர்குரிக் சல்பேட் என்பது கணக்கு, அதுவும் குளோரைடு 2000க்குள் இருந்தால்தான். வழக்கமாகப் போடுவது 0.4 கிராம், 2000 குளோரைடு உள்ள 20 மில்லிக்கு அது சரியாகப் போதும்.

உங்களுடையது 6000. 20 மில்லியில் 120 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. 0.4 கிராம் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் 95 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்க வழியில்லை, மீதி 24, 25 மில்லிகிராம் சும்மா நிற்கும். அது முழுக்க டைகுரோமேட்டைத் தின்றால் லிட்டருக்குச் சுமார் 275 கூடும். 520இல் 275 போனால் 245. இரண்டாவது லேபின் 240க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். ஆக, முதல் லேப் தண்ணீரை நீர்க்காமல், குளோரைடு எவ்வளவு என்று பார்க்காமல், எல்லாருக்கும் போடுகிற அதே ஒரு கரண்டியைப் போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். நானே ஒரு லேபில் இதைப் பார்த்திருக்கிறேன். சில்வர் அமிலத்தை ஊற்றியதும் குடுவைக்குள் வெள்ளையாகத் தயிர்போலத் திரண்டது. அது சில்வர் குளோரைடு, பாதரசம் போதவில்லை என்பதற்குக் கண்ணுக்கு முன்னால் நிற்கும் அடையாளம். அந்தப் பையன் "எப்பவும் இப்படித்தான் சார் வரும்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பாதரச உப்பும் வெள்ளி உப்பும் விலை அதிகம், யார் குறைந்த ரேட்டுக்குச் செய்கிறார்களோ அவர்களுக்கே மாதிரி போகிறது. ரிப்போர்ட் படிவத்தில் சி.ஓ.டி.க்கு ஒரே ஒரு கட்டம், எத்தனை மடங்கு நீர்த்தார்கள், எவ்வளவு மெர்குரி போட்டார்கள் என்று எழுத இடமே இல்லை. பிறகு அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யூனிட்காரரை ஓட விடுகிறார்கள். வருஷக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், படிவம் மாறியபாடில்லை.

இன்னொரு கும்பல் இருக்கிறது. "ஒரு பங்கு குளோரைடுக்கு 0.226 சி.ஓ.டி., பெருக்கிக் கழித்துவிடலாம்" என்று உங்களிடம் எழுதித் தருவார்கள். அந்த 0.226 என்பது சரியான எண்தான். ஆனால் உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 6000ஐப் பெருக்கினால் 1356, அதை 520இல் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. கொதிக்கும்போது எவ்வளவு குளோரைடு தின்றது, எவ்வளவு பாதரசத்தில் மாட்டியது, எவ்வளவு வெள்ளியோடு திரண்டது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததைக் கழிக்க முடியாது. எல்லா குளோரைடும் முழுக்க வினைபுரிந்தால் மட்டும் கழிக்கலாம். அதற்கு வெள்ளி இல்லாமல் செய்ய வேண்டும் என்பார்கள், வெள்ளி இல்லாவிட்டால் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர், டைகுரோமேட்டுக்கு லேசில் மசியாது. ஊறுகாயில் வினிகர் போடுகிறீர்கள், அது அப்படியே தப்பிவிடும், எண் குறைவாக வரும். உங்கள் தொழிலுக்கு இந்தக் கழித்தல் வேலைக்கே ஆகாது. இதே காரணத்தால்தான் 240ஐயும் கண்ணை மூடி நம்ப வேண்டாம் என்கிறேன்: குளோரைடு வெள்ளியைத் திரட்டித் தூக்கிக்கொண்டு போனால் வினிகரைத் தின்ன ஊக்கி மிஞ்சாது, அப்போது 240 பொய்யாகக் குறைந்து வந்த எண்ணாகவும் இருக்கலாம்.

அப்போ என்ன செய்ய? இரண்டாவது லேபிடம் அதே மாதிரியை இரண்டு விதமாக நீர்த்துச் செய்யச் சொல்லுங்கள், மூன்று மடங்கு ஒன்று, ஐந்து மடங்கு ஒன்று, இரண்டிலும் முன்னால் அதே 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட். மூன்று மடங்கில் குளோரைடு 2000, ஐந்து மடங்கில் 1200, இரண்டும் அளவுக்குள். கணக்கு இப்படி இருக்கும்: மாதிரிக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரை வைத்துச் செய்யும் பிளாங்குக்கு டைட்ரேஷனில் 24.8 மில்லி இறங்கியது, மூன்று மடங்குக் குடுவைக்கு 22.8 என்று வையுங்கள். வித்தியாசம் 2.0. 0.1 நார்மல் கரைசலில் ஒரு மில்லி வித்தியாசம் 40 சி.ஓ.டி., ஆக 80, மூன்றால் பெருக்க 240. ஐந்து மடங்கில் 23.5 என்றால் 1.3 மில்லி, 52, ஐந்தால் பெருக்க 260. இப்படி இரண்டும் ஒட்டி வந்தால் குளோரைடு பிடிபட்டுவிட்டது. மூன்று மடங்கில் எண் தெளிவாகக் கூடுதலாக வந்தால் இன்னும் உப்பு நுழைகிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: ஐந்து மடங்கில் பியூரெட்டில் 0.1 மில்லி தப்பினால் 20 தப்பும். ஆகவே கழிவுநீர் சி.ஓ.டி.க்கான 250 என்ற வரம்பை ஒட்டி 240, 260 என்று வந்தால் அது பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. இன்னும் இரண்டு முறை செய்து சராசரி கேளுங்கள்.

லேபைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தால் குளோரைடு சுமார் 6000 வரும். அதை ஒரு பாட்டிலில் அடைத்து, யூனிட் தண்ணீரைப் போலவே லேபுக்குக் கொடுத்து சி.ஓ.டி. கேளுங்கள். அதில் கரிமப்பொருள் எதுவும் கிடையாது. 10, 20 என்று வந்தால் சரி, 250, 300 என்று வந்தால் அந்த லேபின் 520க்குக் காரணம் உங்களுக்கே புரிந்துவிடும். நான் சொல்லி இதைச் செய்தவர்கள் யாரும் திரும்ப அந்த லேபுக்குப் போகவில்லை.

அப்புறம், இந்தக் குடுவையில் மிஞ்சுவது பாதரசமும் குரோமியமும். அதைத் தனி கேனில் பிடித்து அபாயக் கழிவாகக் கொடுக்கிறார்களா என்று லேபில் கேளுங்கள், சிங்கில் ஊற்றுகிறோம் என்றால் அங்கே மாதிரி கொடுக்காதீர்கள். இந்தப் பக்கம் சாக்கடையில் விட்டது கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியும், தாமிரபரணித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

சி.ஓ.டி. சரியாகிவிட்டாலும் குளோரைடு 6000 உங்களை விடப்போவதில்லை. ஊறல் தொட்டியைக் காலி செய்யும் உப்புத் தண்ணீரைத் தனியாகப் பிடியுங்கள், கழுவும் தண்ணீரோடு சேர்க்காதீர்கள். அதை எந்தத் தோப்புக்கும் விட வேண்டாம்.